தண்ணீர் பட்டால் தேன் கெடும் என்கிறார்களே, காயத்தில் வைத்த தேன் ஏன் கெடவில்லை?

கௌண்டன்யா_கரை (குடியாத்தம்)

எல்லோருக்கும் வணக்கம். நைனாவுக்கு 61 வயது. சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. வலது பாதத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். கட்டுப் போடுகிற இடத்தில் போன வாரத்திலிருந்து ஒரு ட்யூபில் வரும் தேனைப் புண்ணில் வைத்துக் கட்டுகிறார்கள். கடைத் தேன் இல்லை, மருத்துவத்துக்கென்றே வருவது.

ரெண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது பக்கத்திலேயே இருந்தேன். வைத்தபோது பசை மாதிரி இருந்தது, பிரித்தபோது மஞ்சள் தண்ணீராக ஓடியது. துணி மட்டும் புண்ணில் ஒட்டாமல் சுலபமாக வந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். எங்கள் வீட்டில் தேன் பாட்டிலுக்குள் ஈரக் கரண்டி போட்டால் அம்மா கையில் அடிப்பார்கள். தண்ணீர் சேர்ந்தால் தேன் புளித்துப்போகும். அப்படியென்றால் புண்ணிலிருந்து கசிகிற நீர் சேர்ந்த தேன் எப்படிக் கிருமியைத் தடுக்கும்? ரெண்டாவது, ஜமுனாமரத்தூரிலிருந்து மாமா கொண்டுவந்த மலைத்தேன் ரெண்டு பாட்டில் வீட்டில் இருக்கிறது. ட்யூப் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதையே போடலாமா?

கோட்டை_அகழி (வேலூர்)

ரொம்பச் சிம்பிள் தம்பி. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையைத் தேனில் சர்க்கரை செய்கிறது. கிருமியின் உடம்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். தேன் நீர்த்துப்போனால் அந்தச் சக்தியும் போச்சு. அதனால்தான் மறுபடி மறுபடி புதிதாக வைக்கிறார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகு வைத்தாலும் இதே பலன்தான் கிடைக்கும், தேன் என்று பேர் வைத்தால் விலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

பாலாற்று_மணல் (காட்பாடி)

அகழி சார் சொன்னதில் முதல் பாதி சரி. சர்க்கரையை மட்டும் வைத்துப் புண் ஆற்றிய அறுவை மருத்துவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "நீர்த்தால் சக்தி போச்சு" என்ற இடத்தில்தான் தேனும் பாகும் பிரிகின்றன. தம்பியின் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முப்பது வருடம் நுண்ணுயிரியல் பாடம் எடுத்தவன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

உள்ளங்கை அளவு, அதாவது 10 செ.மீ. சதுரத் துணியில் 20 மில்லி தேன் தடவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ 28 கிராம். அதில் 23 கிராம் சர்க்கரை, 5 கிராம்தான் தண்ணீர். அந்த 5 கிராமும் சும்மா இல்லை, சர்க்கரை மூலக்கூறுகள் இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. கிருமிக்குக் கிடைக்கிற தண்ணீர் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. வெறும் தண்ணீருக்கு 1. நல்ல தேனுக்கு 0.6 சுற்றுவட்டாரம். காயத்தில் சாதாரணமாக வந்து உட்காரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் 0.91க்குக் கீழேயே படுத்துவிடும். ஆகவே தேனை வைத்த நிமிடத்தில் யாரும் தலை தூக்க முடியாது.

இப்போது காயம் கசிகிறது. கசிவதோடு, தேனே கீழிருக்கும் திசுவிலிருந்து நீரை மேலே இழுக்கவும் செய்கிறது. 10 மில்லி நீர் சேர்ந்ததும் என் தோராயக் கணக்கில் அந்த அளவு 0.85 பக்கம் வந்துவிடுகிறது. அதாவது ஸ்டாஃபைலோகாக்கஸ் வாசற்படியில் நிற்கிறது. 20 மில்லி சேர்ந்தால் 0.91. கதவு திறந்தாயிற்று. பாகாக இருந்தால் கதை இங்கே முடிந்தது.

தேனில் இந்த இடத்தில்தான் இன்னொன்று ஆரம்பிக்கிறது. தேனீ பூவின் மதுவை வயிற்றில் சுமந்து வரும்போது தலையில் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைக் கலக்கிறது. இது குளுக்கோஸையும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனையும் கொண்டு குளுக்கோனிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் உண்டாக்கும். தேனின் புளிப்புக்கு இந்த அமிலம்தான் பெரிய காரணம். முற்றிய தேனில் இந்த நொதி தூங்கும். தண்ணீர் போதாது, அமிலமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. காயத்து நீர் சேர்ந்ததும் ரெண்டு தடையும் சேர்ந்தே விலகுகின்றன. நீர் கிடைக்கிறது, அமிலமும் தணிகிறது. தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கிற கலவையில்தான் பெராக்ஸைடு அதிகமாக வருகிறது. நம் கணக்கில் 20 மில்லி தேனோடு 20 முதல் 40 மில்லி நீர் சேர்ந்த நிலை அது. சர்க்கரையின் காவல் தளர்கிற அதே நேரத்தில் பெராக்ஸைடு வேலைக்கு வருகிறது என்று பாருங்கள்.

அடையில் இருக்கும் தேனீக்கும் இதே கணக்குதான். மது இன்னும் வற்றாமல் தண்ணீராக இருக்கும் நாட்களில் பெராக்ஸைடு காக்கிறது, வற்றியபின் சர்க்கரை காக்கிறது. காயத்தில் அது அப்படியே தலைகீழாக நடக்கிறது.

அம்மா கையில் அடிப்பதும் நியாயம்தான். ஈரக் கரண்டியால் புளிப்பது ஈஸ்ட். அது பாக்டீரியாவைவிடக் குறைந்த நீரிலேயே பிழைக்கும், வாரக்கணக்கில் நிதானமாக வேலை செய்யும். கட்டு ரெண்டு நாளில் மாறிவிடுகிறது.

சாத்துவாச்சாரி_ஜெயா

நல்ல தகவல் சார். நானும் தினமும் காலையில் கொதிக்கிற வெந்நீரில் ரெண்டு ஸ்பூன் தேன், எலுமிச்சை கலந்து குடிக்கிறேன். இந்த நொதி எனக்கும் வேலை செய்யுமா? என் நாத்தனாருக்குக் காலில் புண் இருக்கிறது, அவர்களையும் குடிக்கச் சொல்லலாமா?

பாலாற்று_மணல்

அம்மா, இங்கே பேசுவது புண்ணின் மேல் வைக்கிற தேனைப் பற்றி. குடித்தால் அது வெறும் சர்க்கரைதான். கொதிக்கிற நீரில் விழுந்த மாத்திரத்தில் நொதி செத்துப்போகும். நாத்தனாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் குடிக்கச் சொல்லவே வேண்டாம்.

கோட்டை_அகழி

மணல் சார், ஒன்று இடிக்கிறதே. நாங்கள் சின்ன வயதில் முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்தால் கம்பவுண்டர் ஊற்றுவாரே, பொசபொசவென்று நுரைக்குமே, அதுவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடுதானே? இப்போது அது நல்ல திசுவையும் கெடுக்கிறது, ஊற்றாதீர்கள் என்கிறார்கள். அதே சாமானைத் தேன் உண்டாக்கினால் மட்டும் எப்படி நல்லது?

பாலாற்று_மணல்

நல்ல கேள்வி சார். பொருள் ஒன்றுதான், அளவுதான் வேறு. கம்பவுண்டர் ஊற்றியது 3 சதவீதம். நீர்த்த தேனில் ஒரு மணி நேரத்தில் சேருவது அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நுரை வந்தது ஏன் என்று பாருங்கள். ரத்தத்திலும் திசுவிலும் கேட்டலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடும். நீங்கள் பார்த்த நுரை அந்த ஆக்ஸிஜன். அதாவது ஊற்றிய மருந்து அள்ளிக் கொட்டியது போல ஒரே வீச்சில் சுற்றியிருக்கும் செல்லையும் அடித்துவிட்டு, சில நிமிடத்தில் காணாமல் போய்விடுகிறது. தேனில் உடைய உடையப் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கிறது. சொட்டு நீர்ப் பாசனத்துக்கும் ஏரி உடைந்த வெள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கொஞ்சம் பழைய கதையும் உண்டு. தேனில் கிருமியைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1930களிலேயே கண்டு, இன்னதென்று தெரியாமல் 'இன்ஹிபின்' என்று பேர் மட்டும் வைத்தார்கள். அது பெராக்ஸைடுதான் என்று 1960களில்தான் அமெரிக்காவில் ஒயிட் என்பவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

டிரெஸ்ஸிங்_அக்கா (ராணிப்பேட்டை)

மணல் சார் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் வார்டில் கணக்குப்படி எதுவும் நடக்காது சார். நீங்களே சொன்ன கேட்டலேஸ் புண்ணில் நிறைய இருக்கிறது. ரத்தம் கசிகிற புண், சீழ் நிறைந்த புண் என்றால் தேன் உண்டாக்குகிற அந்தக் கொஞ்சூண்டு பெராக்ஸைடை அது மிச்சம் வைக்குமா? கண்ணாடிக் குழாயில் பார்த்ததை அப்படியே காலில் எதிர்பார்க்கக் கூடாது. நான் 26 வருடம் கட்டுப் போட்டவள். தேன் உதவுவதைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் செய்யாமல் வழிந்து போவதையும் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் கட்டைப் பிரிக்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. துணியில் பிசுபிசுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தால் தேன் தீரவில்லை, சரியான நேரத்தில் பிரித்திருக்கிறோம். தம்பி சொன்ன மாதிரி தண்ணீராக ஓடி, விரலில் தொட்டால் ஒட்டவே இல்லை என்றால் தேன் முழுக்க நீர்த்துவிட்டது, ரெண்டு நாள் விட்டது அதிகம், தினம் மாற்ற வேண்டும். புண்ணைச் சுற்றி நல்ல தோல் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் அதிகம், ஓரத்தில் துத்தநாகக் களிம்பு தடவாமல் தேன் வைக்கக் கூடாது. புது நோயாளிகள் எரிகிறது என்பார்கள், முதல் அரை மணி நேரம் எரியும். அப்புறம் எறும்பு. சிரிக்காதீர்கள், வெளிப்பக்கம் கசிந்தால் ராத்திரி கட்டில் காலில் ஏறி வரும்.

தம்பி, பாதத்தில் எந்த இடத்தில் புண்? நைனா என்ன வேலை செய்கிறார்?

கௌண்டன்யா_கரை

அடிப்பாதத்தில்தான் அக்கா, கட்டை விரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அங்கே. லுங்கித் தறி ஓட்டுகிறார். குழித்தறி. வலது காலால்தான் மிதி. இப்போதும் தினம் நாலைந்து மணி நேரம் உட்காருகிறார். வலிக்கவே இல்லை என்கிறார், அதனால் நாங்களும் விட்டுவிட்டோம்.

டிரெஸ்ஸிங்_அக்கா

வலிக்கவில்லை என்பதுதான் நோயே தம்பி. மிதிகட்டை அழுத்துகிற இடத்தில்தான் புண் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அதே இடத்தை நசுக்கிக்கொண்டு மேலே தேன் வைத்தாலும் ஒன்றுதான், தங்க பஸ்பம் வைத்தாலும் ஒன்றுதான்.

இதை நம் ஊரிலேயே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்தார். புண் வருவது கிருமி தின்பதால் என்று எல்லோரும் நினைத்த காலம். இல்லை, உணர்ச்சி போன காலை அவர்கள் அறியாமல் அதே இடத்தில் அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் அதே புண் ஆறியது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்த வேலை பல காலம் நடந்தது. சர்க்கரைப் புண்ணுக்கு இன்று உலகம் முழுக்கப் போடும் மாவுக்கட்டு அந்த வழியில் வந்ததுதான். போய், அழுத்தம் குறைக்க என்ன செய்யலாம் என்று முதலில் கேளுங்கள். எலும்பு தட்டுகிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். அது வரைக்கும் நைனாவைத் தறியிலிருந்து எழுப்புங்கள்.

கோட்டை_அகழி

அக்கா சொன்னது சத்தியம். சரி, எங்கள் பாட்டி கட்டிக்குச் சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் போடுவார்கள், சூடு பறக்கும், ரெண்டு நாளில் பழுத்து உடைந்துவிடும். அதில் எந்த நொதி வேலை செய்தது?

பாலாற்று_மணல்

அதில் நொதிக்கு வேலையே இல்லை சார். சுண்ணாம்பு கடும் காரம், குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் அதில் நிற்காது. அது சுண்ணாம்பின் கைவரிசை. திறந்த புண்ணில், அதுவும் உணர்ச்சி இல்லாத காலில், தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள்.

அக்கா கேட்ட கேட்டலேஸ் கேள்விக்கு நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன், மறுக்கவும் முடியாது. நியூசிலாந்தின் மனுகா தேன் அவ்வளவு பேசப்படுவதற்கு ஒரு காரணம் அதுதான். அதில் மெத்தில்கிளையாக்ஸால் என்று வேறொரு பொருள் இருக்கிறது, கேட்டலேஸால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மனுகா மாதிரி இல்லாத பெரும்பாலான தேன்கள் பெராக்ஸைடை நம்பியவை. ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தவர்களும் அளவாகத்தான் பேசுகிறார்கள். 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பில், ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டைவிடத் தேனில் நாலைந்து நாள் முன்னால் ஆறுகிறது என்றார்கள். ரத்தக்குழாய்க் கோளாறால் காலில் வரும் நாள்பட்ட புண்ணுக்குத் தேன் பெரிதாக உதவியதாகத் தெரியவில்லை.

ஆலங்காயம்_அடை

நான் தேன் எடுக்கிற குடும்பம். எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். ஜவ்வாது மலைத் தேனைப் பற்றித் தம்பி கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. எங்கள் தேனில் கலப்படம் கிடையாது, சூடு காட்டுவது கிடையாது. ட்யூபில் வருவதைவிட எந்த வகையில் குறைச்சல்?

பாலாற்று_மணல்

குறைச்சல் என்று யார் சொன்னது அண்ணே? நொதி விஷயத்தில் உங்கள் தேன் பல கடை பாட்டில்களைவிட மேலாக இருக்க வாய்ப்பு உண்டு. பாட்டிலில் உறையக் கூடாது, புளிக்கக் கூடாது என்று சூடு காட்டி வடிகட்டும்போது நொதி போய்விடுகிறது. அங்கே அகழி சார் சொன்ன வெறும் பாகுதான் மிச்சம்.

இடைஞ்சல் ரெண்டு. மலைத் தேனீயின் அடையில் மெழுகு மூடாத அறைகளையும் சேர்த்துப் பிழிந்தால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும். உங்களுக்கே தெரியும், மூடி பொங்கித் தள்ளுமே, அந்தத் தேன். அதைக் காயத்தில் வைத்தால் சர்க்கரையின் காவல் கொஞ்சம் தளர்ந்த நிலையிலிருந்தே ஆரம்பிக்கிறது. இரண்டாவது பெரியது. எந்தத் தேனிலும் குளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். தேனில் அவை முளைக்காது, ஆனால் சாகவும் சாகாது. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் நக்கக் கொடுக்காதே என்பது இதற்காகத்தான். காற்றுப் போகாத ஆழமான புண்ணில், அதுவும் சர்க்கரை நோயாளியின் காலில், அதைக் கொண்டுபோய் வைப்பது சூதாட்டம்.

காய்ச்சி வைக்கலாமே என்று கேட்காதீர்கள். காய்ச்சினால் நொதி சாகும், வித்து பிழைத்துக்கொள்ளும். ரெண்டு பக்கமும் நஷ்டம். மருத்துவத் தேனைக் காமா கதிரில் காட்டுகிறார்கள், வழக்கமாக 25 கிலோகிரே. அதில் சூடு ஏறாது. வித்து சாகும், நொதி பெரும்பாலும் தப்பும். ட்யூபின் விலையில் ஒரு பங்கு அதற்குத்தான்.

ஆலங்காயம்_அடை

பிழிவதைப் பற்றிச் சொன்னது நிஜம். மழை விட்டதும் எடுத்தால் தண்ணியாகத்தான் இருக்கும். எங்களில் சிலபேர் அவசரப்படுவார்கள். கதிர் காட்ட எங்கள் மலையில் வசதி ஏது?

லேப்_தம்பி (காட்பாடி)

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். டயாலிசரைக் கிருமி நீக்கிக் கழுவியபின் பெராக்ஸைடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டை வைத்திருக்கிறோம், இருந்தால் நீலமாக மாறும். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா ஒரு விளையாட்டு. ஒரு பங்கு தேன், மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர். உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம். எங்கள் தெருவில் கிடைத்த ஜவ்வாது தேனில் பட்டை நல்ல நீலம். கடை பாட்டில் ஒன்றில் நிறமே வரவில்லை. அதே மலைத்தேனை நீர் விடாமல் தொட்டால் அதிலும் ஒன்றும் இல்லை. மணல் சார் சொன்ன தூக்கம் இதுதான் போல.

அப்புறம் அக்காவுக்காக இன்னொன்று செய்தேன். நீலம் வந்த கலவையில் என் விரலைக் குத்தி ரெண்டு சொட்டு ரத்தம் விட்டேன். பத்து நிமிடம் கழித்துப் புதுப் பட்டை. நீலம் கிட்டத்தட்டக் காணோம்.

டிரெஸ்ஸிங்_அக்கா

அதைத்தான் சொன்னேன்.

பாலாற்று_மணல்

அழகு தம்பி. ஆனால் ரெண்டு எச்சரிக்கை. மூடிய கிண்ணத்தில் ரெண்டு சொட்டு ரத்தம் தொடர்ந்து அங்கேயே கிடக்கிறது, புண்ணில் மேலே கெட்டித் தேன் அடுக்கு இன்னும் இருக்கிறது, கீழிருந்து நீர் ஏற ஏறப் புது பெராக்ஸைடு வரும். மற்றொன்று, நிறம் வராத பாட்டிலை உடனே கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். சில தேன்களில் மகரந்தத்தோடு கேட்டலேஸ் சேர்ந்தே வரும். உண்டாவதும் உடைவதும் ஒரே பாட்டிலில் நடக்கும்.

டிரெஸ்ஸிங்_அக்கா

மேலே கெட்டித் தேன் இருந்தால் என்கிறீர்கள். தம்பி வீட்டுக் கட்டில் அது தண்ணீராக ஓடியிருக்கிறதே சார்.

கௌண்டன்யா_கரை

நேற்று போய்க் கேட்டேன். கம்பி விட்டுப் பார்த்தார்கள், எலும்பு தட்டவில்லை. எக்ஸ்ரேயும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டு இனி தினம் ஒரு தடவை. மாவுக்கட்டு அடுத்த வாரம் போடலாம் என்றார்கள், அது வரை முன்பாதம் தரையில் படாத மாதிரி ஒரு செருப்பு. தறிக்கு உட்காராதே என்று சொன்னதும் நைனாவுக்குக் கோபம். பாவு பாதியில் நிற்கிறது, தம்பியை உட்கார வைத்திருக்கிறோம்.

இன்று காலை பிரித்தபோது துணி லேசாகப் பிசுபிசுத்தது அக்கா. மலைத்தேன் பாட்டிலை அம்மா திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன், கொஞ்சம் நுரை கட்டியிருக்கிறது.

ஆலங்காயம்_அடை

நுரை இருந்தால் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுங்கள் தம்பி. நைனாவுக்குக் கொடுக்காதீர்கள்.